எந்தப் பொருளோடு எது போகிறது?

பரிசுப் பொருட்களை இணையத்தில் விற்கும் பிரிட்டன் நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பதிவு, யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கும்படி கலிஃபோர்னியா பல்கலைக்கழக இர்வைன் வளாகத்தின் தரவுக் களஞ்சியத்தில் கிடைக்கிறது. 2010 டிசம்பர் 1 முதல் 2011 டிசம்பர் 9 வரையிலான அந்தப் பதிவில் 5,41,909 வரிகள் இருக்கின்றன. ஒரு வரிக்கு ஒரு பொருள். அதன் பில் எண், குறியீடு, எண்ணிக்கை, விலை, வாங்கியவரின் நாடு. எந்தப் பொருளோடு எது சேர்ந்து விற்கிறது என்று தேடும் கூடைப் பகுப்பாய்வைக் கற்பவர்கள் பலரும் முதலில் எடுத்துக்கொள்வது இந்தப் பதிவைத்தான்.

முதல் வேலை, ஒரே பில் எண் கொண்ட வரிகளை ஒன்றுசேர்த்து ஒரு கூடையாக்குவது. ஒரு பொருள் அந்தப் பில்லில் இரண்டு வரிகளில் வந்தாலும், நூறு உருப்படி வாங்கியிருந்தாலும், இருக்கிறது என்று ஒரு முறை குறித்தால் போதும். பில் எண் C என்று தொடங்கினால் அது ரத்தான ஆர்டர். அதை நீக்கிவிட வேண்டும். நீக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. அதை ஒரு கணக்கோடு பார்ப்பதே நல்லது.

இந்தக் கடையில் ரீஜென்சி என்ற வகைத் தேநீர்க் கோப்பைகள் பச்சை, இளஞ்சிவப்பு, ரோஜாப் பூ வேலைப்பாடு என மூன்று விதமாக விற்றன. அவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு ஒரே பில்லில் வருகின்றன. கணக்குக்காக 1,000 பில்கள் என்று வைத்துக்கொள்வோம். 50 பில்லில் பச்சை, 40 பில்லில் இளஞ்சிவப்பு, 30 பில்லில் இரண்டுமே. ஆயிரத்தில் 30, அதாவது 3 சதவீதம் என்பது இந்த ஜோடியின் சப்போர்ட். இளஞ்சிவப்பு வாங்கிய 40 பேரில் 30 பேர் பச்சையும் எடுத்திருக்கிறார்கள். இந்த 75 சதவீதம்தான் கான்ஃபிடன்ஸ்.

பலரும் இந்த 75-ஐப் பார்த்ததும் ஜோடி கிடைத்துவிட்டது என்று நின்றுவிடுகிறார்கள். பதிவில் POSTAGE என்றும் ஒரு வரி வரும். அது பொருளே அல்ல, தபால் செலவு. வெளிநாட்டுப் பில்களில் அது அடிக்கடி இருக்கும். 1,000 பில்லில் 750-இல் அது இருந்தால், இளஞ்சிவப்புக் கோப்பை உள்ள 40 பில்லில் 30-இல் இருப்பதில் வியப்பில்லை. இங்கேயும் கான்ஃபிடன்ஸ் அதே 75 சதவீதம்தான். ஆனால் கோப்பைக்கும் தபால் செலவுக்கும் தனி உறவு எதுவும் இல்லை.

இரண்டையும் பிரித்துக் காட்டுவது லிஃப்ட். கான்ஃபிடன்ஸை, இரண்டாவது பொருள் மொத்தப் பில்களில் எத்தனை சதவீதத்தில் வருகிறதோ அதனால் வகுக்க வேண்டும். பச்சைக் கோப்பை பொதுவாக 5 சதவீதப் பில்லில்தான் வருகிறது. 75-ஐ 5-ஆல் வகுத்தால் 15. இளஞ்சிவப்பு வாங்குபவர் பச்சையையும் எடுப்பது வழக்கத்தைவிட 15 மடங்கு அதிகம். தபால் செலவுக்கு 75-ஐ 75-ஆல் வகுத்தால் 1. உறவே இல்லை என்பதன் அடையாளம் அந்த 1.

லிஃப்டை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். ஆண்டில் ஒரே ஒரு முறை விற்ற இரண்டு பொருட்கள் தற்செயலாக ஒரே பில்லில் வந்திருந்தால், 1,000 பில் கணக்கில் அவற்றின் லிஃப்ட் 1,000 என்று வந்து பட்டியலின் உச்சியில் உட்காரும். அதனால்தான் இத்தனை பில்லுக்குக் குறைந்தால் வேண்டாம் என்று முதலிலேயே ஒரு எல்லை போடுகிறார்கள். அந்த எல்லை கணினியின் சுமையையும் குறைக்கிறது. இந்தப் பதிவில் 4,070 பொருட்குறியீடுகள். ஜோடி மட்டும் பார்த்தாலே சுமார் 83 லட்சம். ஒரு பொருள் தனியாகவே எல்லையைத் தொடவில்லை என்றால், அது சேர்ந்த எந்த ஜோடியும் தொடாது. ஐபிஎம் நிறுவனத்தில் ராகேஷ் அகர்வாலும் ராமகிருஷ்ணன் ஸ்ரீகாந்தும் 1994-இல் வெளியிட்ட அப்ரியோரி முறை இதை வைத்தே, தேறாதவற்றைப் படிப்படியாகக் கழித்துவிடுகிறது.

பருவமும் பொய் ஜோடிகளை உண்டாக்கும். கிறிஸ்துமஸ் அலங்காரமும் கிறிஸ்துமஸ் அட்டையும் இரண்டு மாதம் மட்டுமே விற்றால், ஆண்டு முழுவதையும் சேர்த்துக் கணக்கிடும்போது லிஃப்ட் உயர்ந்து நிற்கும். நவம்பர் பில்களை மட்டும் எடுத்து மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். 1-க்கு அருகே இறங்கிவிட்டால், அந்த உறவு பருவத்தால் வந்தது.

கோப்பைகளின் உறவு உண்மையானது. ஆனால் இந்தக் கடையின் வாடிக்கையாளர்களில் மொத்த வியாபாரிகள் பலர். தங்கள் கடை அலமாரிக்கு எல்லா நிறமும் வேண்டும் என்று எடுப்பவருக்கு, இரண்டையும் சேர்த்தால் தள்ளுபடி என்று அறிவித்தால் கைக்காசுதான் போகும். தள்ளுபடி இல்லாமலும் அவர் இரண்டையும் வாங்கியிருப்பார். சேர்ந்து விற்கிறது என்று மட்டுமே பில் சொல்லும். ஒன்றைக் காட்டினால் மற்றது கூடுதலாக விற்குமா என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள, வாடிக்கையாளர்களில் ஒரு பாதிக்கு மட்டும் பச்சைக் கோப்பையைப் பக்கத்தில் காட்டி, மறு பாதிக்குக் காட்டாமல், இரு பக்க விற்பனையையும் சில வாரம் ஒப்பிட்டுப் பாருங்கள். தள்ளுபடியைப் பற்றி அதற்குப் பிறகு முடிவெடுங்கள்.