பூனைக்குட்டி வாங்கப் போறீங்களா? முதல்ல வயசைச் சரிபாருங்க!

‘பெர்ஷியன் குட்டி, 3 மாசம், ரெண்டு தடுப்பூசி போட்டாச்சு. அட்வான்ஸ் அனுப்பினா பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டு வந்து தர்றோம்.’

வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு தகவல், கூடவே பஞ்சுப்பொதி போல ஒரு குட்டியின் படம். வீட்டுப் பிள்ளைகள் அதற்குள் பெயரே வைத்துவிடுவார்கள். ஆனால், பணம் அனுப்பும் முன் அந்த ‘3 மாச’க் கணக்கைச் சரிபார்ப்பது அவசியம். குட்டி எவ்வளவு சின்னதோ அவ்வளவு சீக்கிரம் விற்றுவிடும். அதனால் தாயிடமிருந்து சீக்கிரமே பிரித்துவிட்டு, வயதைக் கூட்டிச் சொல்பவர்கள் உண்டு.

கண்டுபிடிப்பது எளிது. எல்லாக் குட்டிகளுக்கும் ஆரம்பத்தில் கண் நீலமாகத்தான் இருக்கும். 6, 7 வாரங்களில் நிறம் மாறத் தொடங்கும். சயாமீஸ், ஹிமாலயன் போன்ற சில வகைகளுக்கும் சில வெள்ளைப் பூனைகளுக்கும் மட்டும் நீலம் அப்படியே நிற்கும். அடுத்தது எடை. நன்றாக வளரும் குட்டி, மாதத்துக்குச் சுமார் 450 கிராம் கூடும். 3 மாதக் குட்டி 1.3 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும். சமையலறைத் தராசில் 550 கிராம்தான் காட்டுகிறது, கண்ணும் நீலம் என்றால், அதற்கு 5 வாரம்தான் ஆகியிருக்கும்.

அப்படியானால் ‘ரெண்டு தடுப்பூசி’யும் பொய். முதல் ஊசியே 6 முதல் 8 வாரங்களில்தான் போடுவார்கள். அடுத்தது 3, 4 வாரங்கள் கழித்து. ரேபிஸ் ஊசி 3 மாதத்துக்குப் பிறகு. கார்டில் வெறும் தேதியும் டிக் மார்க்கும் இருந்தால் நம்ப வேண்டாம். மருந்து பாட்டிலில் இருந்து எடுத்து ஒட்டிய, பேட்ச் எண் உள்ள ஸ்டிக்கரும் மருத்துவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

இதில் இவ்வளவு கறார் எதற்கு? பான்லூகோபீனியா என்ற வைரஸ்தான் காரணம். தொற்றி 10 நாள் வரைகூட அறிகுறி தெரியாது. வாங்கும்போது துள்ளி விளையாடிய குட்டி, அடுத்த வாரமே வாந்தி, பேதி என்று சுருண்டுவிடும். தடுப்பூசி போடாத குட்டிகள் பிழைப்பது கஷ்டம். அதனால், ‘கூடப் பிறந்த குட்டிகள் எப்படி இருக்கு? உங்க வீட்டுல சமீபத்துல குட்டி ஏதும் செத்துச்சா?’ என்று நேரடியாகவே கேட்கலாம். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள். இந்த வைரஸ் ஒரு வீட்டில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும்.

தாயை நேரில் காட்டச் சொல்லுங்கள். அதன் கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிந்தால், தும்மினால், குட்டிக்கும் அந்தத் தொற்று இருக்க வாய்ப்பு அதிகம். ‘தாய் ஊருல இருக்கு’ என்றால் அங்கேயே உஷாராகிவிட வேண்டும்.

பெர்ஷியன் என்றால் இன்னொரு கேள்வியும் உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளரும் பி.கே.டி என்ற பரம்பரை நோய் இந்த இனத்தில் அதிகம். பெற்றோரில் ஒன்றுக்கு இருந்தாலே, ஒவ்வொரு குட்டிக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. குட்டியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது, வயதான பிறகுதான் தெரியவரும். ஆகவே, தாய், தகப்பன் இரண்டுக்கும் மரபணுப் பரிசோதனை செய்த ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பலரிடம் இருக்காது. தகப்பன் பூனை எது என்றே தெரியாதவர்களும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்து வாங்கிவிட்டால், ஓரிரு நாளில் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால், புதுக் குட்டிக்கு 2 வாரம் தனி அறை, தனித் தட்டு, தனி மணல் தொட்டி.