ஒரே விளக்கு, யார் வீட்டுக்கு?

எட்ஸி தளத்தில் பித்தளை விளக்கு விற்கும் கடைகளைப் பார்த்துக்கொண்டே போனால், இந்த மாதிரித் தலைப்பு ஒன்றாவது கண்ணில் படும்:

`Handmade Brass Lamp Diya Perfect Gift for Mom Wife Sister Wedding Housewarming Birthday Diwali Christmas`

விற்பவரின் கணக்கு புரிகிறது. யார் எதைத் தேடி வந்தாலும் நம் கடை வாசலில் வந்து நிற்கட்டும் என்பதுதான். வந்து நிற்பவருக்கோ இது தனக்கான பொருள்தானா என்று பிடிபடாது. அம்மாவுக்கும் மனைவிக்கும் தங்கைக்கும், தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் பொருந்தும் என்றால் அது யாருக்கும் தனியாகப் பொருந்தவில்லை என்றுதான் தோன்றும். விளக்கு என்ன உயரம், எந்த வகை என்பதும் அதில் இல்லை.

பரிசு வாங்குபவர் தனக்காக வாங்கவில்லை. விளக்கின் அழகைவிட, கொடுக்கும்போது சங்கடம் வராமல் இருக்க வேண்டும் என்பதே அவர் கவலை. அவர்கள் வழக்கத்துக்குச் சரியாக இருக்குமா, நாளுக்குள் வந்து சேருமா, கையில் கொடுத்தால் அற்பமாகத் தெரியுமா என்று மனசுக்குள் கேட்டுக்கொள்கிறார். கடைப் பக்கத்தில் அதற்குப் பதில் கிடைத்தால் வாங்குவார்.

ஆறு அங்குலக் காமாட்சி விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்பலகையில் தேவி உருவம், ஒரே முகம், ஒரே திரி. இதைக் கிரகப்பிரவேசப் பரிசாக விற்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வாங்குபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவர் நியூஜெர்சியில் இருக்கும் தமிழ்ப் பெண். தோழி வீடு வாங்கியிருக்கிறாள். காமாட்சி விளக்கு என்றாலே அவருக்குத் தெரியும். எடை என்ன, வார்ப்பு கெட்டியா, எண்ணெய் கசியாதா என்பதுதான் அவர் கேள்வி. இன்னொருவர் அந்தத் தோழியோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்யும் அமெரிக்கர். அவரையும் விழாவுக்கு அழைத்திருக்கிறார்கள். இந்தியக் குடும்பத்துக்குப் புது வீட்டுக்கு என்ன கொடுப்பது என்று தேடுகிறார். காமாட்சி என்ற பெயரையே அவர் கேட்டிருக்க மாட்டார். தவறான பொருளைக் கொடுத்து அவர்கள் மனம் கோணக் கூடாது என்பது மட்டும்தான் அவர் பயம்.

இந்த இரண்டு பேரையும் தலைப்பு ஒன்றுக்குள் திணிக்க முயன்றால்தான் மேலே பார்த்த அவியல் வருகிறது. எட்ஸியில் தலைப்புக்கு 140 எழுத்து வரை இடம் உண்டு. இடம் இருக்கிறதே என்று நிரப்புவதுதான் பல வருடப் பழக்கம். 2025-ல் எட்ஸியே விற்பனையாளர்களுக்கு வேறு மாதிரி அறிவுரை சொன்னது: தலைப்பைப் பதினைந்து சொல்லுக்குள் முடியுங்கள், பொருளின் பெயரை முதலில் வையுங்கள், பரிசு பற்றிய சொற்களைக் குறிச்சொற்களுக்கு, அதாவது ‘டேக்’ பகுதிக்கு, நகர்த்துங்கள். என் கருத்தும் அதுதான், ஒரு சலுகையோடு. ஒரு பொருள் உண்மையிலேயே ஒரு விசேஷத்துக்கென்று கொடுக்கப்படுவதானால், அந்த விசேஷத்தின் பெயர் கடைசியில் ஒரு முறை வரலாம்:

`Brass Kamakshi Lamp, 6 Inch Single Wick Pooja Diya, Indian Housewarming Gift`

பொருள், அளவு, பயன், கடைசியில் விசேஷம். அம்மா, மனைவி, தங்கை மூவரும் போய்விட்டார்கள், யாருக்கும் நஷ்டமில்லை.

மீதிச் சொற்களுக்கு டேக் இருக்கிறது. ஒரு பொருளுக்குப் பதின்மூன்று டேக். ஒவ்வொன்றிலும் இடைவெளியோடு சேர்த்து இருபது எழுத்துதான். இங்கேதான் பலர் இடறுகிறார்கள். `gift for indian couple` என்று போட நினைத்தால் இருபத்திரண்டு எழுத்து, உள்ளே போகாது. சொற்களை இடம் மாற்றி `indian couple gift` என்று எழுதினால் பதினெட்டில் முடிந்துவிடும். வெவ்வேறு வாங்குபவர்களை இங்கே பிரித்துக் கவனிக்கலாம். தமிழ்ப் பெண்ணுக்கு `gruhapravesam gift`, வடஇந்தியருக்கு `griha pravesh gift`, அலுவலக நண்பருக்கு `housewarming gift`. மூன்றும் ஒரே விழாதான். தேடுகிறவர்கள்தான் வேறு வேறு.

அடுத்தது விவரக்குறிப்பு. முதல் இரண்டு மூன்று வரிகளைத் தாண்டிப் பலர் படிப்பதில்லை. அந்த வரிகளில் கடையின் பரம்பரைப் பெருமையை எழுதுவதைப் போன்ற வீண் வேலை இல்லை. தமிழில் சொன்னால் தொடக்கம் இப்படி இருக்கலாம்:

“புது வீட்டுக்குள் நுழையும்போது தமிழ்க் குடும்பங்கள் ஏற்றும் விளக்கு வகை இது. கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கப்பட்டவர் தயக்கமில்லாமல் கொடுக்கலாம். பெறுபவர்கள் இதைப் பூஜை அலமாரியில் வைத்து நல்லெண்ணெய் அல்லது நெய் ஊற்றி ஏற்றுவார்கள். உயரம் ஆறு அங்குலம், ஒரு கையில் அடங்கும். பஞ்சுத் திரி உடன் வரும், எண்ணெய் அனுப்புவதில்லை.”

முதல் இரண்டு வாக்கியங்களும் அமெரிக்க நண்பரின் பயத்தைத் தீர்க்கின்றன. அதற்குப் பிறகு தமிழ்ப் பெண்ணுக்கானது. எடையைக் கிராமில் எழுத வேண்டும். பித்தளை நம்மூர்ப் பாத்திரக்கடையில் எடைக்கு விற்கும் பொருள், நம் ஆட்களுக்கு அங்குலம் சொன்னால் போதாது. குத்துவிளக்கு மாதிரித் திருகி இணைக்கும் விளக்கானால் எத்தனை பாகம், இணைப்பில் எண்ணெய் கசியுமா என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடலாம். பித்தளை நாளடைவில் மங்கும், புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகும் என்ற ஒரு வரி, பழைய விளக்கை அனுப்பிவிட்டார்கள் என்ற புகாரைத் தடுக்கும்.

பிறகு கொடுக்கும் விதம். பெட்டியில் வருமா, விலைச்சீட்டு இல்லாமல் அனுப்ப முடியுமா, வாழ்த்து எழுதிய அட்டை வைப்பீர்களா? எட்ஸியில் வாங்குபவரே ‘இது பரிசு’ என்று குறித்து வாழ்த்துச் செய்தி எழுதும் வசதி உண்டு. பெயர் பொறித்துத் தருவதானால் அதற்கு எத்தனை நாள் கூடும் என்பதை அதே இடத்தில் எழுத வேண்டும். முகூர்த்த நாள் யாருக்காகவும் தள்ளிப்போகாது.

இதே விளக்கைக் கல்யாணத்துக்கு என்று மாற்றி எழுத முடியுமா? முடியும், ஆனால் கொடுப்பவர் மாறிவிடுகிறார். சீருக்குக் குத்துவிளக்கு வாங்குவது பெண்ணின் பெற்றோர். அவர்களுக்கு ஜோடியாக வேண்டும், உயரமும் கனமும் வேண்டும். அவர்கள் ஆறு அங்குல விளக்கைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். நண்பர் கொடுக்கும் கல்யாணப் பரிசு வேறு, பெற்றோர் வாங்கும் சீர் வேறு. ஜோடி விளக்குக்குத் தனிப் பக்கமே போட்டுவிடுவது நல்லது. நாச்சியார்கோயில் விளக்கு என்று எழுதுவதானால் உண்மையிலேயே அங்கே செய்ததாக இருக்க வேண்டும். அது புவிசார் குறியீடு பெற்ற பெயர்.

பிறந்தநாளுக்கு இந்த விளக்கு பொருந்தாது. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு யார் காமாட்சி விளக்கு வாங்கித் தருவார்கள்? தலைப்பில் அந்தச் சொல்லைச் சேர்த்தால், வேறு எதையோ தேடுபவர்கள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். விதிவிலக்கு அறுபதாம் கல்யாணம். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் அப்பாவின் மணிவிழாவுக்கு விளக்கு தேடுவதுண்டு. அவர்களுக்காக `60th birthday gift` என்று ஒரு டேக் போதும். விவரத்தில் சஷ்டியப்தபூர்த்தி என்ற பெயரும் ஒரு முறை வரட்டும்.

எழுதியது சரியா என்பதைக் கடைக் கணக்கின் புள்ளிவிவரப் பக்கமே காட்டிக் கொடுக்கும். எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்று அதில் தெரியும். ஒரு சொல் நிறைய பார்வைகளைக் கொண்டுவந்தும் ஆர்டர் ஒன்றுகூட வரவில்லை என்றால், அந்தச் சொல் தவறான ஆளை அழைத்து வருகிறது, எடுத்துவிடலாம். அதைவிடப் பயனுள்ளவை ஆர்டரோடு வரும் வாழ்த்துச் செய்திகள். ‘புது வீட்டில் எல்லா நலமும் பெருக’ என்று பத்துப் பேர் எழுதியிருந்தால் விசேஷம் எது என்று வாங்கியவர்களே சொல்லிவிட்டார்கள். யாரும் எழுதாத விசேஷத்தின் பெயரைத் தலைப்பில் வைத்திருக்கத் தேவையில்லை.

பருவமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கிரகப்பிரவேசம் வைக்க மாட்டார்கள். தை பிறந்ததும் வரிசையாக வரும். அமெரிக்காவுக்குப் பார்சல் போய்ச் சேரும் நாளையும் சுங்கத் தாமதத்தையும் கணக்கில் கொண்டால், தைக்கான பக்கத்தைக் கார்த்திகையிலேயே திருத்தி வைக்க வேண்டும். எந்தத் தேதிக்குள் ஆர்டர் செய்தால் பொங்கலுக்கு முன் கிடைக்கும் என்பதையும் முதல் வரியிலேயே போட்டுவிடலாம். அந்தத் தேதி கடந்த அன்றே வரியை எடுத்துவிட வேண்டும், மறக்காமல்.