மூடிய கம்பெனிக்கும் ரெஸ்யூமேயில் ஓர் இடம்

கோவையில் பம்பு தொழிற்சாலையில் வேலை பார்த்த ஓர் இன்ஜினியர், வேலையை விட்டுவிட்டு நண்பருடன் சேர்ந்து அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்பும் ஸ்டார்ட்அப் தொடங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 2021இல் தொடங்கியது ஜூன் 2023இல் மூடப்படுகிறது. மறுபடி வேலை தேடும்போது அந்த 28 மாதங்களை எப்படி எழுதுவது என்று தெரியாமல் தவிக்கிறார். சிலர் அந்த இடத்தில் ‘சொந்தக் காரணங்களுக்காக இடைவெளி’ என்று எழுதிவிடுவார்கள். வேறு சிலர் ‘நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி’ என்று பெரிதாகப் போட்டு, கம்பெனி மூடியதைச் சொல்லாமல் விடுவார்கள். இரண்டுமே ஆபத்துதான்.

பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்த கம்பெனி என்றால் அதன் பெயர், இயக்குநர்கள், இப்போதைய நிலை எல்லாவற்றையும் பெருநிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் பார்க்கலாம். முறையாக மூடி, பதிவேட்டிலிருந்து பெயரை நீக்கியிருந்தால் அதுவும் அங்கே தெரியும். வேலைக்கு எடுப்பவர்கள் பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷன் செய்யும்போது, ‘இடைவெளி’ என்று எழுதியவர் அந்தக் காலத்தில் ஒரு கம்பெனியின் இயக்குநராக இருந்தது வெளியே வரலாம். அப்போது கம்பெனி தோற்றதைவிட, அதை மறைத்ததுதான் பெரிய விஷயமாகிவிடும்.

சரி, எப்படி எழுதலாம்? முதலில் பதவி. நான்கு பேர் கம்பெனியில் அவர் உண்மையில் பார்த்தது சமையலறை ஒப்பந்தம், டெலிவரி, கணக்கு. அதனால் ‘இணை நிறுவனர் – செயல்பாடுகள்’ என்பதே பொருத்தம். அடுத்தது வேலையின் விவரம். ஒரு சாப்பாட்டின் விலை 90 ரூபாய். சமையலுக்கு 52, டெலிவரிக்கு 31, பேக்கிங்குக்கு 6, ஆன்லைன் கட்டணத்துக்கு 2 என்று செலவே 91 ரூபாய். விற்கும் ஒவ்வொரு சாப்பாட்டிலும் ஒரு ரூபாய் நட்டம். ஆர்டர்களைத் தெருவாரியாகச் சேர்த்து, ஒரே பைக்கில் பல அலுவலகங்களுக்கு அனுப்பியதும் டெலிவரிச் செலவு 22 ரூபாயாகக் குறைந்தது. சாப்பாட்டுக்கு 8 ரூபாய் மிஞ்சியது.

சப்ளை செயின் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒருவருக்கு இதைவிட நல்ல வரி கிடைக்காது: ‘டெலிவரி வழித்தடங்களை மாற்றி, ஓர் ஆர்டருக்கான செலவை 31 ரூபாயிலிருந்து 22 ரூபாயாகக் குறைத்தேன்.’

மூடிய காரணத்துக்கும் இதே கணக்குதான். வாடகை, சம்பளம் என்று மாதச் செலவு 1,10,000 ரூபாய். மாதம் 26 நாள் ஓடினால், அதை ஈடுகட்ட நாளுக்கு ஏறக்குறைய 530 சாப்பாடு விற்க வேண்டும். அவர்களால் 140ஐத் தாண்ட முடியவில்லை. ரெஸ்யூமேயில் ‘தேவையான ஆர்டர் எண்ணிக்கையை எட்டாததால் ஜூன் 2023இல் மூடினோம்’ என்ற ஒரு வரி போதும். மீதியை நேர்காணலில் சொல்லலாம். அங்கே கூட்டாளி மீதோ முதலீட்டாளர் மீதோ பழி போட ஆரம்பித்தால், எதிரே இருப்பவர் நாளை தன் கம்பெனியைப் பற்றியும் இவர் இப்படித்தான் பேசுவார் என்று நினைப்பார்.

தோற்ற நிறுவனர்களைப் பற்றிப் பேசும்போது ரீட் ஹாஃப்மன் கதையைச் சொல்வார்கள். 1997இல் அவர் தொடங்கிய சோஷியல்நெட் எடுபடவில்லை. பிறகு பேபாலில் வேலை பார்த்து, அதன்பின் லிங்க்ட்இன்னைத் தொடங்கினார். ஆனால் சாதாரண விண்ணப்பதாரருக்குக் கதவு அவ்வளவு எளிதில் திறப்பதில்லை. கசெப்ர்சிக், யங்கின் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அமெரிக்காவில் வேலை விளம்பரங்களுக்கு மாதிரி விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். முன்பு சொந்தக் கம்பெனி நடத்தியதாகச் சொன்ன விண்ணப்பங்களுக்கு, குறிப்பாக ஆண்களின் விண்ணப்பங்களுக்கு, அழைப்பு குறைவாகவே வந்தது. தானே முதலாளியாக இருந்தவர் இன்னொருவருக்குக் கீழே நிலைத்து வேலை பார்ப்பாரா என்ற சந்தேகம் இதில் முக்கியமானது.

ஆகவே ரெஸ்யூமே அந்தச் சந்தேகத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். நம் இன்ஜினியர் பம்பு தொழிற்சாலையில் மேலாளருக்குக் கீழே வேலை பார்த்த ஆண்டுகளைச் சுருக்காமல் எழுதலாம். இந்தக் குறிப்பிட்ட வேலை ஏன் வேண்டும் என்று கவர் லெட்டரில் இரண்டு வரி சேர்க்கலாம். கம்பெனி சட்டப்படி மூடப்பட்டுவிட்டது, இப்போது எந்த இயக்குநர் பொறுப்பும் இல்லை என்பது உண்மையானால், அதையும் தெளிவாகச் சொல்லிவிடலாம்.

கடைசியாக வருவது காகிதப் பிரச்சினை. எச்.ஆர். ரிலீவிங் லெட்டரும் சம்பளச் சீட்டும் கேட்பார்கள். தனக்குத்தானே சம்பளம் போட்டுக்கொள்ளாத நிறுவனரிடம் இரண்டும் இருக்காது. அதற்குப் பதிலாகக் கம்பெனிப் பதிவுச் சான்றிதழ், ஜி.எஸ்.டி. பதிவு, வருமான வரிக் கணக்கு, கம்பெனி வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றைக் கொடுக்கலாம். சாப்பாடு வாங்கிய அலுவலகங்களில் ஒன்றிரண்டிடம் லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதமும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. கம்பெனி மூடி ஒரு வருடம் கழித்துப் போனால், அங்கே ஆர்டர் கொடுத்தவர் வேறு வேலைக்கு மாறியிருப்பார். கணக்கை முடிக்கும் வாரத்திலேயே கேட்டுவிட்டால் கடிதம் கையில் இருக்கும்.