பதினான்கு லட்சம், ஆகஸ்ட் பத்து: ஆஃபருக்குப் பிறகு எழுதும் ஒரு மெயில்

வேலைக்குத் தேர்வாகிவிட்டீர்கள் என்று எச்.ஆர். தொலைபேசியில் சொல்லும்போது காதில் விழுவது ஒரே ஓர் எண்தான். அன்று மாலையே ஆஃபர் லெட்டர் மெயிலில் வந்துவிடும். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் சம்மதம் தெரிவிக்கவும் என்ற வரியும் அதில் இருக்கும். பலரும் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குச் சொல்லிவிடுகிறார்கள். பேரம் பேசுவதற்கான விஷயம் இருப்பதோ கடைசிப் பக்கத்து இணைப்பில்.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஐந்து ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் மென்பொருள் சோதனைப் பிரிவில் இருக்கும் ஒரு பெண். இப்போதைய சி.டி.சி. 11 லட்சம். புதிய நிறுவனம் 14 லட்சம் தருவதாகச் சொல்கிறது. 27 சதவீத உயர்வு! வீட்டில் இனிப்பு வாங்கத் தோன்றும்தான்.

கடைசிப் பக்கத்தைப் பிரித்துப் பார்த்தால் கதை மாறுகிறது. 14 லட்சத்தில் 1,40,000 ரூபாய் வேரியபிள், அதாவது நிறுவனமும் அவரும் நன்றாகச் செயல்பட்டால் ஆண்டு முடிவில் கிடைக்கக்கூடிய தொகை. அடிப்படைச் சம்பளம் 7 லட்சம். அதில் 12 சதவீதமாக நிறுவனம் கட்டும் பி.எஃப். 84,000, கிராஜுவிட்டிக்கென ஒதுக்கும் 4.81 சதவீதம் 33,670, மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் சுமார் 12,000 எல்லாம் அந்த 14 லட்சத்துக்குள்தான். இவை போனால் மாதம் 94,000 சொச்சம். அதில் அவர் பங்கு பி.எஃப். 7,000 பிடித்தால், வரிக்கு முன் கைக்கு வருவது 87,000 ரூபாய்.

இப்போது வாங்கும் 11 லட்சத்தில் வேரியபிள் கிடையாது. இதே முறையில் கணக்கிட்டால் கைக்கு வருவது சுமார் 77,500. ஆக, 27 சதவீதம் என்று கேட்டது மாதக் கடைசியில் 12 சதவீதமாக வந்து நிற்கிறது. யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாம் கடிதத்திலேயே இருக்கிறது.

இங்கேதான் எதைக் கேட்பது என்பது தெளிவாகிறது. "இன்னும் கொஞ்சம் பார்த்துச் செய்யுங்கள்" என்று எழுதினால் எச்.ஆர். கையில் எதுவும் இல்லை. அவர் மேலிடத்தில் ஒப்புதல் வாங்க ஓர் எண்ணும் ஒரு காரணமும் வேண்டும். ஒவ்வொரு பதவிக்கும் ஒரு சம்பள வரம்பு வைத்திருப்பார்கள். மொத்தத் தொகை அதைத் தாண்டினால் கோப்பு பல மேசை ஏற வேண்டும். மொத்தத்தைத் தொடாமல் உள்ளே இருக்கும் பங்கீட்டை மாற்றச் சொல்வது பல இடங்களில் எளிதாக நடக்கிறது. வேரியபிளில் 80,000 ரூபாயை ஃபிக்ஸட் பகுதிக்கு மாற்றினால், சி.டி.சி. அதே 14 லட்சம்தான். ஆனால் கையில் வருவது மாதம் 93,800 ஆகிறது, உயர்வும் 21 சதவீதத்தைத் தொடுகிறது.

சரி, பணம் ஒரு பாதி. சேரும் தேதி இன்னொரு பாதி. அதைப் பலரும் வெறும் நாள்காட்டி விஷயமாக நினைத்துவிடுகிறார்கள்.

இந்தப் பெண்ணுக்கு நோட்டீஸ் காலம் 90 நாள். மே 8-ஆம் தேதி ராஜினாமா கொடுத்தால் கடைசி நாள் ஆகஸ்ட் 6. புதிய நிறுவனமோ ஜூலை 15-இல் சேரச் சொல்கிறது. மீதி 23 நாளுக்கு அவர் பழைய நிறுவனத்துக்குப் பணம் கட்டி விடுபட வேண்டும். மொத்த மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்கிட்டால் அது ஏறக்குறைய 63,600 ரூபாய். சில நிறுவனங்கள் அடிப்படைச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும். பழைய நியமனக் கடிதத்தில் எது எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது. பணம் கட்டினாலும் முன்கூட்டியே விடுவிக்க மேலாளர் சம்மதிக்க வேண்டும் என்ற நிபந்தனையும் பல கடிதங்களில் உண்டு.

அதைவிடப் பெரிய தொகை ஒன்று இருக்கிறது. அவர் பழைய இடத்தில் சேர்ந்து ஐந்து ஆண்டு முடிவது ஜூலை 27-இல். கிராஜுவிட்டி பெறப் பொதுவாக ஐந்து ஆண்டுத் தொடர்பணி வேண்டும். அவரது இப்போதைய அடிப்படைச் சம்பளம் மாதம் 45,833. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் ஐந்து ஆண்டாலும் பெருக்கினால் 1,32,000 ரூபாய்க்கு மேல் வருகிறது. ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அதன்படி ஜூலை நடுவில் போனாலும் அவருக்கு உரிமை உண்டு. ஆனால் முழு ஐந்து ஆண்டு கேட்கும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன. தீர்ப்பைக் காட்டித் தொழிலாளர் துறைக்கு அலைவதைவிட, இரண்டு வாரம் கூடுதலாக இருந்துவிட்டுப் போவது சுலபம்.

இத்தனையையும் மெயிலில் கொட்ட வேண்டியதில்லை. எச்.ஆருக்கு அவரது கிராஜுவிட்டியில் அக்கறை இல்லை. அவருக்கு வேண்டியது முடிவெடுக்கத் தேவையான வரிகள் மட்டும். வழக்கமாக இதை ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள். தமிழில் சொன்னால் உள்ளடக்கம் இப்படி இருக்கும்:

"வணக்கம். ஆஃபர் கடிதத்துக்கு நன்றி. இந்தக் குழுவில் சேர விரும்புகிறேன். கையெழுத்திடும் முன் இரண்டு விஷயங்களில் மாற்றம் கோருகிறேன். ஒன்று, என் இப்போதைய சம்பளத்தில் வேரியபிள் இல்லை. ஆகவே மொத்தம் 14 லட்சத்தை மாற்றாமல், ஃபிக்ஸட் பகுதியை 12.6 லட்சத்திலிருந்து 13.4 லட்சமாக உயர்த்தித் தர முடியுமா? இரண்டு, எனக்கு 90 நாள் நோட்டீஸ் இருப்பதால் ஆகஸ்ட் 10, திங்கட்கிழமை சேர முடியும். ஜூலை 15 கட்டாயம் என்றால், பழைய நிறுவனம் விடுவிக்கச் சம்மதிக்கும் பட்சத்தில், நோட்டீஸ் தொகையை நிறுவனம் ஏற்க வேண்டுகிறேன். இவற்றுக்கு ஒப்புதல் இருந்தால், திருத்திய கடிதம் கிடைத்த அன்றே கையெழுத்திட்டு அனுப்புகிறேன். வியாழக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் உதவியாக இருக்கும்."

இதில் மன்னிப்பு இல்லை, மிரட்டலும் இல்லை. வீட்டுக் கடன், அப்பாவின் மருத்துவச் செலவு எதுவும் இல்லை. அவை உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நிறுவனம் சம்பளம் தருவது வேலைக்கு. அந்தக் கடைசி வாக்குறுதிதான் மெயிலிலேயே வலுவான இடம். சம்மதித்தால் ஆள் உறுதி என்று தெரிந்தால்தான் எச்.ஆர். மேலிடத்தில் வாதாட முடியும்.

இல்லாத வேறொரு ஆஃபரைச் சொல்லி விலை ஏற்றுவதும், இப்போதைய சம்பளத்தைக் கூட்டிச் சொல்வதும் ஆபத்து. ஆஃபரின் நகலைக் கேட்பார்கள். சேரும் முன் சம்பளச் சீட்டுகளைச் சரிபார்ப்பார்கள். பொய் பிடிபட்டால் வேலையே போகும்.

பதில் பெரும்பாலும் தொலைபேசியில் வரும். "ஃபிக்ஸட் மாற்ற முடியாது, ஒரு லட்சம் ஜாயினிங் போனஸ் தருகிறோம், தேதி ஓகே" என்று சொல்லலாம். ஏற்கத்தக்கதுதான். ஆனால் போனஸ் ஒரு முறைதான் வரும், அடுத்த ஆண்டுச் சம்பள உயர்வுக்கு அது அடித்தளம் ஆகாது. ஓராண்டுக்குள் விலகினால் திருப்பித் தர வேண்டும் என்ற நிபந்தனையும் வழக்கமாகச் சேர்ந்தே வரும். பேசி முடித்த கையோடு, "இன்று பேசியபடி இவைதான் முடிவு, திருத்திய கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்" என்று ஒரு பதில் மெயில் போட்டுவிட வேண்டும். பேசியவர் நாளை வேறு வேலைக்குப் போய்விட்டால், அடுத்து வருபவருக்குத் தெரிவது அந்த மெயில் மட்டும்தான்.

திருத்திய கடிதம் வந்ததும் முதல் பக்கத்தில் சேரும் தேதியையும், கடைசிப் பக்கத்தில் ஃபிக்ஸட், வேரியபிள், போனஸ் வரிகளையும் சரிபாருங்கள். மெயிலில் ஒப்புக்கொண்டது கடிதத்தில் இல்லை என்றால், மறுபடி கேட்டு வாங்குங்கள். "கடிதத்தில் உள்ளதே முழு ஒப்பந்தம்" என்ற வரி பல ஆஃபர்களில் இருக்கிறது. அதுவரை பழைய அலுவலகத்தில் ராஜினாமா கொடுக்காதீர்கள்.