முப்பது என்றால் எந்த முப்பது?

முழு வட்டத்துக்கு 360 பாகை என்பது நாமாக வைத்துக்கொண்ட கணக்கு. அறுபதறுபதாக எண்ணிய பாபிலோனியர் வழியில் வந்த பழக்கம் அது. 400 என்று வைத்திருந்தாலும் வட்டம் கோபித்துக்கொண்டிருக்காது.

ரேடியனை வட்டமே தருகிறது. ஒரு தட்டின் மையத்திலிருந்து விளிம்புவரை நூலை அளந்து வெட்டுங்கள். அந்த நூலை விளிம்போடு வளைத்து ஒட்டி, இரண்டு முனைகளிலிருந்தும் மையத்துக்குக் கோடு போடுங்கள். அங்கே உண்டாகும் கோணம்தான் 1 ரேடியன், சுமார் 57.3 பாகை. தட்டு சிறிதோ பெரிதோ, கோணம் மாறாது. சுற்றளவு 2πr என்பதால் முழுச் சுற்றுக்கு 2π நூல், அதாவது ஆறேகாலுக்குச் சற்று மேல் தேவைப்படும். எனவே 360 பாகை 2π ரேடியன். 180 பாகை π. 30 பாகை π/6.

இப்போது ஆரம் 1 உள்ள வட்டத்தை வரையுங்கள். இதுதான் ஓரலகு வட்டம். வலக்கோடியில் தொடங்கி, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் π/6 திரும்பினால் ஒரு புள்ளியில் நிற்போம். அதன் கிடைத்தூரம் கொசைன், உயரம் சைன். அந்த உயரம் எவ்வளவு? அதே புள்ளியை x அச்சுக்குக் கீழே கண்ணாடிபோல் இன்னொன்றாகக் குறியுங்கள். இரண்டு புள்ளிகளுக்கும் மையத்தில் உள்ள கோணம் 60 பாகை, இரண்டு பக்கமும் ஆரம். ஆக அது சமபக்க முக்கோணம். மூன்றாவது பக்கமும் 1. அதில் பாதிதான் நம் உயரம்: 1/2. பிதாகரஸ் தேற்றப்படி கிடைத்தூரம் √(1 − 1/4) = √3/2. இந்த ஒரு படம் இருந்தால் அட்டவணையில் பாதியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. π/3-க்கு இரண்டும் இடம் மாறும். 5π/6-க்கு உயரம் அதேதான், கிடைத்தூரம் மட்டும் −√3/2 ஆகும். π/4-இல் இரண்டும் சமம் என்பதால் ஒவ்வொன்றும் 1/√2.

கால்குலேட்டர் ஏமாற்றுவது இங்கேதான். sin 30 என்று தட்டினால் சில சமயம் −0.988 வரும். கருவி பழுதில்லை, அது ரேடியன் முறையில் இருக்கிறது, 30-ஐ 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. நான்கு முழுச் சுற்றுக்கு 25.13 போக, மிச்சம் 4.87 ரேடியன், ஏறத்தாழ 279 பாகை. வட்டத்தின் அடிப்பகுதியை ஒட்டிய இடம் அது. உயரம் −1-க்கு அருகில் வந்ததில் வியப்பில்லை. எக்செல் எப்போதும் ரேடியனில்தான் கணக்கிடும். அங்கே பாகையை மாற்றித்தான் கொடுக்க வேண்டும்:

```
=SIN(30*PI()/180)
```