உங்களுக்குத் தெரியுமா? ஜட்டியில் கறை என்றால் வயிற்றுப்போக்கு என்றே பொருளல்ல

பெற்றோருக்கு, பள்ளிச் செவிலியர் எழுதுவது.

ஏழு வயதுப் பிள்ளையின் ஜட்டியில் அடிக்கடி மலக்கறை படிந்தால், பலர் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதற்கு மருந்து கொடுத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அது மலச்சிக்கல்தான். ஒருமுறை மலம் கழிக்கும்போது வலித்திருக்கும், அல்லது பள்ளிக் கழிவறை பிடித்திருக்காது. பிள்ளை அடக்கத் தொடங்குகிறது. தேங்கிய மலத்திலிருந்து குடல் நீரை உறிஞ்ச, அது இறுகிப்போகிறது. மலக்குடல் விரிந்து, 'வருகிறது' என்ற உணர்வே மங்குகிறது. பின்னால் வரும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றிக் கசிகிறது. இது பிள்ளைக்கே தெரியாமல் நடப்பது. தயவுசெய்து திட்டாதீர்கள்.

பிள்ளை கால்களைப் பின்னிக்கொண்டு, நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க விறைத்தால் முக்குவதுபோலத் தோன்றும். உண்மையில் அடக்கிக்கொண்டிருக்கிறது.

சாப்பிட்டதும் குடல் தானாக அசையும். அதனால் காலைச் சாப்பாடு முடிந்து அரை மணிக்குள் 5 முதல் 10 நிமிடம் உட்காரவையுங்கள், வராவிட்டாலும் சரி. பள்ளி வேன் வரும் அவசரத்தில் இது நடக்காது. சற்று முன்னதாக எழுப்புங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலடியில் ஒரு முக்காலி வேண்டும். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்கட்டும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் இப்படியே.

கசிவு தொடங்கிவிட்டால் கீரையும் பழமும் மட்டும் போதாது. மருத்துவர் மலமிளக்கி தருவார். விரிந்த குடல் பழைய நிலைக்குத் திரும்பச் சில மாதங்கள் ஆகும். நன்றாகப் போகிறதே என்று மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். வாந்தி, வயிறு உப்பல், மலத்தில் ரத்தம் இருந்தால் உடனே காட்டுங்கள்.