வெறுங்காலில் ஏறும் புழுவும், மடித்துக் கொடுக்கும் மாத்திரையும்

எங்கள் மஹல்லாவில் வாழைக்கொல்லையில் கூலி வேலை செய்யும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். வயது ஐம்பதைத் தாண்டியவர். ஒருநாள் ஒளூ செய்துவிட்டு எழுந்தவர் தலைசுற்றி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளங்கை வெளுத்துப் போயிருந்தது. பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 6.8. ஆண்களுக்கு 13 இருக்க வேண்டும். பேரீச்சம்பழம் சாப்பிடுங்கள் என்று ஆளாளுக்குச் சொன்னோம், நானும் சொன்னேன். ரத்தம் எங்கே போகிறது என்று கேட்டவர் மருத்துவர் ஒருவர்தான்.

அது கொக்கிப்புழுவுக்குப் போய்க்கொண்டிருந்தது. திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களில், நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் இதன் முட்டை பொரிந்து கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப்புழுவாகிறது. வெறுங்காலோடு மிதித்தால் தோலைத் துளைத்து உள்ளே போகும். விரலிடுக்கில் அரிக்கும், சேற்றுப்புண் என்று விட்டுவிடுவோம். பிறகு ரத்தத்தில் கலந்து நுரையீரலுக்கு வந்து, தொண்டை வழியாக விழுங்கப்பட்டு, சிறுகுடல் சுவரைக் கவ்விக்கொண்டு ரத்தம் குடிக்கும். நம் பக்கத்தில் அதிகம் காணப்படும் வகையில் ஒரு புழுவால் நாளொன்றுக்குப் போவது சுமார் 0.03 மில்லிதான். ஆனால் நூறு புழு இருந்தால் தினம் 3 மில்லி. நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒரு பாட்டில் ரத்ததானம் செய்வதற்குச் சமம். கூலிக்காரர் வீட்டுச் சாப்பாடு அதை ஈடுகட்டுமா?

மலப் பரிசோதனையில் கொக்கிப்புழு முட்டை தெரிந்தது. அல்பெண்டசோல் 400 மில்லிகிராம் ஒரே வேளை, மூன்று மாதம் இரும்புச்சத்து மாத்திரை. ஹீமோகுளோபின் 11க்கு ஏறியது. எல்லோரும் நிம்மதியானோம்.

ஆனால் ரத்த அறிக்கையில் இன்னொரு வரி இருந்தது. இயோசினோபில் என்ற வெள்ளணு நூற்றுக்கு 18. வழக்கமாக 6ஐத் தாண்டாது. புழு மருந்து சாப்பிட்டு மூன்று மாதம் ஆகியும் அது இறங்கவில்லை. அதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அதே மண்ணிலிருந்து அதே வழியில் ஏறும் இரண்டாவது புழு ஒன்று உண்டு. பெயர் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ், நூல்புழு என்பார்கள். பிள்ளைகளுக்கு இரவில் ஆசனவாயில் அரிப்பு தருகிற கீரிப்புழு வேறு, இது வேறு. கொக்கிப்புழு உடலுக்குள் பெருகாது, சில வருடங்களில் தானே செத்துவிடும். நூல்புழுவோ குடலுக்குள்ளேயே குஞ்சு பொரித்து, அந்தக் குஞ்சு மறுபடி குடல் சுவரைத் துளைத்து உள்ளே போகும். அதனால் மண்ணை மிதிப்பதை நிறுத்தினாலும் தொடரும். இரண்டாம் உலகப் போரில் சயாம்–பர்மா ரயில் பாதையில் வேலை வாங்கப்பட்ட போர்க் கைதிகளிடம், ஊர் திரும்பி முப்பது வருடத்துக்கு மேல் ஆன பிறகும் இது கண்டறியப்பட்டது. சிறுவயதில் வயலில் உழைத்துவிட்டு வளைகுடாவுக்குப் போனவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரே வேளை அல்பெண்டசோல் இதைப் பெரும்பாலும் ஒழிக்காது. இதற்கு ஐவர்மெக்டின், எடை கிலோவுக்கு 200 மைக்ரோகிராம். அறுபது கிலோ உள்ளவருக்கு 12 மில்லிகிராம். ஒருநாளா, இரண்டு நாளா என்று மருத்துவர் சொல்வார். கர்ப்பிணிகள் கேட்காமல் தொடக் கூடாது.

நம் சகோதரருக்கு மழைக்காலத்தில் இளைப்பு வந்தது. மருந்துக்கடையில் மடித்துக் கொடுத்த மாத்திரையில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. இரண்டே நாளில் இளைப்பு அடங்கியதால், அதையே வாங்கி வாங்கிச் சாப்பிட்டார். நூல்புழுவை அளவோடு கட்டிவைத்திருந்தது அவரது நோய் எதிர்ப்புச் சக்தி. ஸ்டீராய்டு அதை அடக்கிவிட்டது. புழு ஆயிரக்கணக்கில் பெருகி, குடல் கிருமிகளையும் சுமந்துகொண்டு ரத்தத்துக்கும் நுரையீரலுக்கும் பரவியது. மூன்றாவது வாரம் வயிற்று வலி, வாந்தி, கடும் காய்ச்சல், மூச்சுத்திணறல். சளியிலேயே புழு தெரிந்தது என்றார் அரசு மருத்துவமனை மருத்துவர். இந்த நிலைக்குப் போனவர்களில் பலர் பிழைப்பதில்லை. இவர் தினமும் ஐவர்மெக்டினோடு பல நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து மீண்டார், அல்ஹம்துலில்லாஹ்.

அந்த மருத்துவர் சொன்ன இன்னொரு விஷயம்: இந்தக் கட்டத்தில் இயோசினோபில் குறைந்து சாதாரணமாகவே இருக்கலாம், ஸ்டீராய்டு அதையும் அமுக்கிவிடும். ஆகவே ஸ்டீராய்டு தொடங்கும் முன்பே பார்க்க வேண்டும்.

நூல்புழு மலத்தில் முட்டையாக வராது, குஞ்சாக வரும். அதுவும் எல்லா நாளும் வராது. ஒருமுறை "இல்லை" என்று வந்தால் இல்லை என்று அர்த்தமல்ல. வெவ்வேறு நாளில் மூன்று முறை, புதிதாக எடுத்த மலத்தை, ஃபிரிட்ஜில் வைக்காமல் உடனே லேபுக்குக் கொடுக்க வேண்டும். பெரிய மருத்துவமனைகள் சிலவற்றில் ரத்தத்திலும் பார்க்கிறார்கள். தொடையிலோ இடுப்பிலோ அரிப்போடு சிவப்புக் கோடு ஒன்று சில மணி நேரத்தில் இடம் மாறி ஊர்ந்தால், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆஸ்துமா, மூட்டுவாதம், தோல் நோய் என்று எதற்காவது ஸ்டீராய்டு எழுதினால், "வருடக்கணக்கில் வெறுங்காலோடு மண்ணில் வேலை செய்தவர்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிடுங்கள். பரிசோதிக்க நேரமில்லாத அவசரமென்றால் ஐவர்மெக்டினை முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். ஏற்கெனவே பல வாரமாக ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துப் பயந்து தாமாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவதும் உயிருக்கு ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பள்ளிகளில் கொடுக்கும் குடற்புழு நீக்க மாத்திரை 19 வயது வரைக்கும்தான். கொல்லைக்குப் போகும் அத்தாவும் உம்மாவும் அந்தக் கணக்கில் இல்லை.